மூலையில் நிற்பவரை இரண்டு முறை எண்ணினேன்

குரூப் 4 முடிவு வந்துவிட்டது. இந்த முறை என் பதிவெண் பட்டியலில் இருக்கிறது. சென்ற முறை இல்லை. அப்போது விடைக்குறிப்பை வைத்துச் சரிபார்த்தபோது பொது அறிவில் தவறியவை என்னைப் பெரிதாக உறுத்தவில்லை. படிக்காததைத் தவறவிட்டால் அதில் என்ன வருத்தம்? உறுத்தியது ஒரே ஒரு கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடியது. திறனறிவுப் பகுதியின் 25 கேள்விகளில் ஒன்று, ஒன்றரை மதிப்பெண்.

கேள்வி ஏறக்குறைய இப்படி இருந்தது: மாணவர்கள் சதுர வடிவில் நிற்கிறார்கள், ஒவ்வொரு பக்கத்திலும் 15 பேர், எல்லையில் நிற்பவர் எத்தனை பேர்? நான்கு பக்கம், பக்கத்துக்கு 15, ஆக 60 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. விடை 56.

பயிற்சி மையத்தில் இதற்கு 4n − 4 என்று ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார்கள். நான் மனப்பாடமும் செய்திருந்தேன். ஆனால் தேர்வறையில் அது நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும், கழிப்பதா கூட்டுவதா என்று குழம்பியிருப்பேன். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த சூத்திரம் எனக்கு எப்போதுமே இப்படித்தான். உங்களுக்கு நிற்கும் என்றால் நீங்கள் பாக்கியசாலி.

அப்பா காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை செய்கிறார். நான் 60 என்று எழுதியதைச் சொன்னதும், "ஏன் ஆத்தா, ஒரே மூலைக் கல்லை இரண்டு தடவை விலை கொடுத்து வாங்குவாயா?" என்றார். பத்தடிக்குப் பத்தடி அறைக்கு எட்டு அங்குலக் கல் பதித்தால் பக்கத்துக்கு 15 கல் வரும். சுற்றிலும் பார்டர் ஓட வேண்டும் என்றால், அவர் முதலில் மூலைக் கல் 4 என்று எழுதுவார். பூ திரும்பும் இடம் என்பதால் அந்தக் கல்லின் வடிவமே வேறு. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூலைகள் போக மீதி 13. நான்கு பக்கத்துக்கு 52. ஆக 56. நடுவில் 13 × 13 = 169 பூக்கல். 56-ஐயும் 169-ஐயும் கூட்டினால் 225, அதாவது 15 × 15. கணக்கு அந்த இடத்திலேயே சரிபார்க்கப்பட்டுவிடுகிறது. அவருக்குச் சூத்திரம் எதுவும் தெரியாது.

அன்றிலிருந்து நான் 4n − 4 என்று நினைப்பதில்லை. ஒரு மூலையில் தொடங்கி அடுத்த மூலைக்கு முந்தைய ஆள் வரை எண்ணுகிறேன். அது 14. அந்த அடுத்த மூலை, திரும்பும் பக்கத்தின் கணக்கில் சேரும். இப்படி நான்கு பக்கமும் 14, 14, 14, 14. யாரும் விடுபடவில்லை, யாரும் இரண்டு முறை வரவில்லை. 4 × 14 = 56.

இந்தப் பார்வையின் பயன் கேள்வியைத் திருப்பிக் கேட்கும்போது தெரியும். எல்லையில் 76 பேர், மொத்தம் எத்தனை பேர்? அவசரப்படுபவர் 76-ஐ 4-ஆல் வகுத்து, 19 வந்ததும் 19 × 19 = 361 என்று குறித்துவிடுவார். பெரும்பாலும் அந்த எண்ணும் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும். 19 என்பது ஒரு மூலையை விட்டுவிட்டு எண்ணியது. விட்டதைச் சேர்த்தால் பக்கத்துக்கு 20 பேர், மொத்தம் 400.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் எழுதிய அந்த 60 சில கேள்விகளுக்குச் சரியான விடை. சதுர மைதானத்தின் பக்கம் 15 மீட்டர், சுற்றிலும் ஒரு மீட்டருக்கு ஒருவர், மூலைகளிலும் ஆள் உண்டு, மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் விடை 60. இங்கே 15 என்பது ஆட்கள் அல்ல, இடைவெளிகள். 15 இடைவெளி இருந்தால் அந்தப் பக்கத்தில் 16 பேர் நிற்பார்கள்; மூலையை ஒரு முறை மட்டும் எண்ணினால் பக்கத்துக்கு 15, மொத்தம் 60. மூடிய சுற்றில் ஆட்களும் இடைவெளிகளும் சம எண்ணிக்கை. சூத்திரத்தை மட்டும் நம்பி இதிலும் 4-ஐக் கழித்தால் தவறு. ஆகவே கொடுத்த எண் ஆளைச் சொல்கிறதா, நீளத்தைச் சொல்கிறதா என்று பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள். இந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வேறு சில, சுருக்கமாக:

- "மூலைகளில் நிற்பவர்களைத் தவிர ஒவ்வொரு பக்கத்திலும் 15 பேர்" என்றால் கூட்ட வேண்டும்: 60 + 4 = 64.
- சதுரத்தின் எல்லை எண்ணிக்கை எப்போதும் 4-ஆல் மீதியின்றி வகுபடும். 58, 62 போன்ற விடைகளை உடனே அடித்துவிடலாம்.
- சந்தேகம் வந்தால் பக்கத்துக்கு 3 புள்ளி வைத்து வரையுங்கள். எல்லையில் 8, நடுவில் 1. 12 என்று வந்தால் உங்கள் முறை தவறு.

உள்ளே வெற்றிடம் விட்டு மூன்று வரிசை ஆழத்துக்கு நிற்கும் அணியும் கேட்பார்கள். ஒரு சுற்று உள்ளே போகும்போது பக்கத்துக்கு இரண்டு பேர் குறைவார்கள், சுற்றுக்கு 8 பேர் குறைவார்கள். 56, 48, 40, கூட்டினால் 144. சரிபார்க்க, முழுச் சதுரம் 225-இலிருந்து நடுவில் உள்ள 9 × 9 = 81-ஐக் கழியுங்கள்; அதே 144. ஒருநாள் இரவு உறக்கம் வராமல் இதை நடுப்புள்ளி வரை கொண்டுபோனேன்: 32, 24, 16, 8, கடைசியில் 0 வந்தது. ஆனால் நடுவில் ஒருவர் நிற்கிறாரே! ஒற்றை ஆளுக்குப் பக்கம் ஏது, மூலை ஏது; முறை அங்கே நின்றுவிடுகிறது. 12 போன்ற இரட்டை எண்ணில் இந்தச் சங்கடம் இல்லை, அது 44-இல் தொடங்கி 4-இல் முடியும். தேர்வுக்கு இது தேவையில்லை. எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

செவ்வகம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அப்பா வேலை செய்த ஒரு பழைய வீட்டு வளவில் மதிய உணவு கொடுக்கப் போனபோது முற்றத்தைச் சுற்றியுள்ள தூண்களை எண்ணினேன். நீளப் பக்கத்தில் நின்று பார்த்தால் 6, குறுக்கே பார்த்தால் 4. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்கும் மூலைத் தூணை ஒரு பக்கத்துக்கே எழுதினேன்: 5, 3, 5, 3. மொத்தம் 16. பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே சுற்றி வந்தேன். பதினாறுதான்.