ஒரு மூட்டை மிளகாயும் 72 மணி நேரமும்

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் மென்பொருள் வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டுக் கம்பெனி ஆரம்பித்தது ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: ஈர மிளகாய்.

மாமாவுக்கு ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் மளிகை மொத்த வியாபாரம். வருட விற்பனை 50 லட்சம் வெள்ளியைத் தாண்டும் என்பதால் 2025 ஜூலை 1 முதல் அவருக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம்: பில்லை இணையத்தில் வரி வாரியத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். முதல் ஆறு மாதம், மாதத்துக்கு ஒரே மொத்த இன்வாய்ஸாக அனுப்பலாம் என்று வரி வாரியம் தளர்வு தந்திருந்தது. ஆனால் அவருடைய பெரிய வாடிக்கையாளரான நாசி கண்டார் கடைக்காரர், தன் கணக்காளர் தனித்தனியாகக் கேட்கிறார் என்று சொல்லிவிட்டார். சரி என்று மாமாவும் ஆரம்பித்துவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மூட்டை காய்ந்த மிளகாய் லோரியில் போனது. மூட்டை 375 வெள்ளி, மொத்தம் 2,250. வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் போர்ட்டலில் அனுப்பி, Valid என்று வந்து, கியூஆர் குறியீட்டுடன் பில் அச்சானது. கடையில் நாலாவது மூட்டையைப் பிரித்தது வெள்ளிக்கிழமை. அடியில் ஈரம், பூஞ்சை வாடை. அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பழைய காலமென்றால் மாமா பில் புத்தகத்தில் ஒரு கோடு கிழித்திருப்பார். இப்போது Valid ஆன இன்வாய்ஸை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். வியாழன் காலையோடு அது முடிந்துவிட்டது. மாமா வழக்கம்போல அடுத்த பில்லில் 375 வெள்ளியைக் கழித்துக்கொண்டார். அந்தக் கடையின் கணக்காளர் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் பில்லில் ஆறு மூட்டை, கையில் ஐந்து; இரண்டாவது பில்லில் சரக்குக்கும் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. திரும்பிய மூட்டையின் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் வேண்டும் என்றார். அதில் மூல இன்வாய்ஸின் அடையாளக் குறியான யூயூஐடியைக் குறிப்பிட வேண்டும்: எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கோவை. மாமா கடையில் கணக்கு பார்க்கும் அக்கா அச்சடித்த பில் கட்டுகளைப் பிரித்து அரை நாள் தேடினார். நான் பசியாற அங்கே போயிருந்த நேரம் அது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் தேடினேன்.

அன்று இரவே இதற்கு ஒரு நிரல் எழுத ஆரம்பித்தேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் இரண்டு மாதம் யோசித்தேன், வீட்டில் திட்டு வாங்கினேன், அப்புறம்தான் எழுதினேன். லோரி ஓட்டுநரே திரும்பிய சரக்கைக் கைபேசியில் படமெடுத்துப் பில்லின் கியூஆரை ஸ்கேன் செய்வார்; யூயூஐடியைக் கண்டுபிடித்துக் கிரெடிட் நோட் போடுவதை நிரல் பார்த்துக்கொள்ளும்.

முதல் பதிப்பில் நான் செய்தது பெரிய தப்பு. 72 மணி நேரத்துக்குள் சரக்கு திரும்பினால் பழைய இன்வாய்ஸை ரத்து செய்து, குறைந்த தொகைக்குப் புதியது போடும்படி வைத்தேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஆனால் கடைக்காரர் முதல் பில்லை ஏற்கெனவே கணக்கில் ஏற்றியிருந்தார்; புதியதும் போய்ச் சேர, ஒரே சரக்குக்கு இரண்டு பில்லுக்கும் பணம் கட்டிவிட்டார். மாமா அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. இப்போது மொத்தச் சரக்கும் தவறான கடைக்குப் போயிருந்தால் மட்டும் ரத்து; ஒரு மூட்டை திரும்பினால், ஒரு மணி நேரத்துக்குள்ளானாலும், கிரெடிட் நோட்தான்.

மாமா பெயரில் நான் அனுப்ப வேண்டுமென்றால் போர்ட்டலில் அவர் என்னை இண்டர்மீடியரியாகச் சேர்க்க வேண்டும். அங்கே வரி எண்ணும் வணிகப் பதிவு எண்ணும் கேட்கும். அதனால்தான் செண்டிரியான் பெர்ஹாட் என்ற தனியார் கம்பெனி. கம்பெனிப் பதிவகமான எஸ்எஸ்எம்மில் பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி. 2016 கம்பெனிச் சட்டப்படி ஒரே ஆள் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருக்கலாம், 30 நாளுக்குள் கம்பெனி செயலாளரை நியமித்தால் போதும். பதிவு எளிதாக முடிந்தது. இழுத்தடித்தது வங்கிக் கணக்குதான்: "என்ன வியாபாரம் சார்?" என்ற கேள்விக்கு நான் மிளகாயிலிருந்து ஆரம்பித்தது என் தப்பாகவும் இருக்கலாம்.

இப்போது அதே தெருவிலும் பக்கத்திலுமாக ஏழு கடைகள் மாதக் கட்டணம் கட்டிப் பயன்படுத்துகின்றன. தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரே கடைக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை மிளகாய் போனால், திரும்பி வருகிற மூட்டை எந்தப் பில்லுடையது என்று நிரலுக்குத் தெரியாது. பார்கோடு ஒட்டலாம் என்று நான் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் கிடங்குக்குப் போனால், மாமா ஒரு தடித்த மார்க்கரோடு நின்று ஒவ்வொரு சாக்கின் வாயிலும் பில் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். ஓட்டுநரின் திரையில் அந்த நாலு இலக்கத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தாயிற்று.