தினமும் பேதி மாத்திரை: குடல் பழகிப்போவது எப்படி

2024 மார்ச் 4

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் பிசகோடில் மாத்திரை ஒன்றில் 5 மில்லிகிராம் இருக்கும். பெரியவர்களுக்கு இரவில் ஒன்று அல்லது இரண்டு என்பதுதான் வழக்கமான அளவு. விழுங்கிய 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். பெருங்குடல் சுவரைத் தூண்டிச் சுருங்க வைக்கும், குடலுக்குள் நீரையும் சுரக்க வைக்கும்.

பழக்கம் தொடங்கும் இடம் இதுதான். திங்கள் இரவு இரண்டு மாத்திரை போட்டவருக்குச் செவ்வாய் காலை நன்றாகப் போகிறது. வழக்கமாகக் கடைசிப் பகுதி மட்டுமே காலியாகும், இப்போதோ பெருங்குடலின் பெரும்பகுதி காலி. அது மறுபடி நிறைய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆகவே புதனும் வியாழனும் எதுவும் வராது, வர வேண்டியதுமில்லை. அவரோ மறுபடி மலச்சிக்கல் வந்துவிட்டதென்று வியாழன் இரவு இன்னும் இரண்டு போடுகிறார். குடல் தானாக நிறைந்து தானாக இயங்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

தினமும் போயாக வேண்டும் என்ற எண்ணமே இதற்கு வேர். நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்புதான்.

2024 மார்ச் 7

“நான் மூலிகைதான் சாப்பிடுகிறேன், பக்கவிளைவு கிடையாது” என்பவர்களுக்காக இது. நிலவாகைச் சூரணமும் தூண்டி வேலை வாங்கும் மருந்தே. உலகச் சந்தையில் ‘தின்னவேலி சென்னா’ என்று பெயர் பெற்ற, திருநெல்வேலிப் பக்கம் விளையும் இலை அது. அதிலுள்ள சென்னோசைடுகளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகுதான் அது வேலை செய்யும். மாத்திரையிலாவது அளவு அச்சிட்டிருக்கும். கரண்டியால் அள்ளும் பொடியில் அதுவும் இல்லை. ‘ஸ்லிம் டீ’ வாங்குபவர்கள் உறையின் பின்பக்கத்தில் சென்னா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது குறைக்கும் எடை நீர்தான், கொழுப்பு அல்ல.

2024 மார்ச் 12

அளவு கூடும்போது வரும் உண்மையான ஆபத்து பொட்டாசியம் இழப்பு. நீர்த்த மலத்தோடு அது வெளியேறுகிறது. உடல் நீர் குறைவதால் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடி, சிறுநீர் வழியாகவும் பொட்டாசியம் போகிறது. ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் குறைவு. இன்னும் இறங்க இறங்கத் தசைகள் தளரும். குடல் சுவரும் தசைதான். குடல் மந்தமாகும், மலச்சிக்கல் கூடும், மாத்திரையும் கூடும். மருந்தே நோயை வளர்ப்பது இந்த வழியில்தான்.

கால் தசை இழுப்பு, படி ஏறும்போது சோர்வு, படபடப்பு இவை அடையாளங்கள். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையோ இதயத்துக்கு டிகாக்சினோ எடுப்பவர்களுக்கு இந்தக் குறைவு இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அவர்கள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

2024 மார்ச் 18

“குடல் நரம்பு செத்துப்போகுமா?” சென்ற நூற்றாண்டின் நடுவில், பல ஆண்டுகள் பேதி மருந்து எடுத்த சிலரின் எக்ஸ்-ரேயில் பெருங்குடல் மடிப்பிழந்து குழாய்போலத் தெரிந்தது. அந்த அச்சம் அங்கிருந்து வந்தது. இன்று புழக்கத்தில் இல்லாத கடும் மருந்துகளும் அப்போது பயன்பட்டன. இப்போதைய மருந்துகளைச் சொன்ன அளவில் எடுத்தால் நரம்பு அழியும் என்று நிரூபணமாகவில்லை. நிலவாகை பல மாதம் எடுத்தவர்களின் குடல் உட்சுவர் கருப்பது உண்மை. நிறுத்தினால் சில மாதங்களில் நிறம் திரும்பிவிடும்.

இதைச் சொல்வது மாத்திரைக்குப் பரிந்துபேச அல்ல. குடல் கெட்டே போய்விட்டது என்று நம்புகிறவர் நிறுத்த முயல்வதே இல்லை, அதனால்தான்.

2024 மார்ச் 27

இரவுக்கு நான்கு மாத்திரை, அதாவது 20 மில்லிகிராம், போடும் 58 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரே நாளில் நிறுத்தினால் மூன்று நான்கு நாள் எதுவும் வராது. இதுவரை நீரைப் பிடித்துவைக்கப் பழகிய உடல் உப்பையும் நீரையும் சேர்க்கும், கால் வீங்கும். பயந்துபோய் மறுபடி மாத்திரைக்கே திரும்புவார்.

அதனால் முதலில் பொட்டாசியம், தைராய்டு, சர்க்கரை பார்க்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் மலத்தை இறுக்குகின்றனவா என்றும் கேட்க வேண்டும். பிறகு பாலிஎத்திலீன் கிளைகால் பொடி 17 கிராமைப் பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தினம் ஒருமுறை. அது குடலைத் தூண்டாது, மலத்தில் நீரைப் பிடித்துவைக்கும். பலன் தெரிய இரண்டு மூன்று நாளாகும். அது பிடித்த பிறகு வாரத்துக்கு ஒரு மாத்திரை வீதம் குறைக்கலாம். கடைசி ஒன்றை ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி நிறுத்தலாம். மூன்று நாள் முழுதும் போகாவிட்டால் மட்டும் ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் சப்போசிட்டரி ஒன்று.

காலை உணவு முடிந்த அரைமணிக்குள் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் கழிப்பறைக்குப் போய், மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலுக்குச் சிறு பலகை வைத்து, முக்காமல் உட்கார வேண்டும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இசப்கோலை இந்தக் கட்டத்தில் அள்ளிப் போட வேண்டாம். மந்தமான குடலில் அது வயிற்றை ஊத வைக்கும்.

மார்பின் போன்ற வலி மருந்து எடுப்பவர்களுக்கும் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் இந்தக் குறைப்பு பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவரே தூண்டு மருந்தைத் தொடர்ந்து எழுதியிருப்பார். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, வாந்தியோடு வயிறு உப்புதல் இவற்றில் ஏதாவது இருந்தால் மாத்திரையைக் கூட்டாமலும் குறைக்காமலும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.