அண்ணாச்சி அனுப்ப ஒரு குறிப்பு

கீழமாசி வீதியில் மொத்த மளிகை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு இரண்டு வருடமாக ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். "நாலு கடையில் சொல்கிறேன் தம்பி" என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். மனம் இல்லாமல் இல்லை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பற்றி யோசித்து எழுத அவருக்கு ஏது நேரம்? அதனால் அவர் அப்படியே அனுப்பும்படி நானே எழுதினேன்:

"மளிகை மொத்தக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் ஒருவர் இருக்கிறார். என் கடைக்கு இரண்டு வருடமாகப் பார்க்கிறார். கொள்முதல் பில்களை GSTR-2B-உடன் ஒப்பிட்டு, சப்ளையர் ஏற்றாமல் விட்ட பில்கள் எவை என்று பட்டியல் கொடுப்பார். ஒரு மாதப் பில்லை மட்டும் காட்டிப் பாருங்கள், கட்டணம் இல்லை. வேண்டுமென்றால் சொல்லுங்கள், எண் தருகிறேன்."

'நான்' என்று எழுதாமல் அண்ணாச்சி பேசுவதுபோல எழுதியதற்குக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்தால் மேலே 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற அடையாளம் வரும். ஊரெல்லாம் சுற்றுகிற செய்தியோ என்று தோன்றும். நகலெடுத்து ஒட்டினால் அவரே தட்டச்சு செய்ததுபோல இருக்கும். அவரிடம் தனியாகச் சொல்லவேண்டிய நலம் விசாரிப்பு, நன்றி எல்லாம் வேறு செய்தியில் போயின. இரண்டையும் கலந்திருந்தால் வெட்டி எடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கும். நீளமும் முக்கியம், 'மேலும் படிக்க' என்று மடங்கிவிட்டால் என்ன கேட்கிறோம் என்ற வரியே கண்ணில் படாது.

'நேர்மையானவர்', 'திறமைசாலி' போன்ற சொற்களை வைக்கவில்லை. என்னைப் பற்றி நானே எழுதிய புகழ்ச்சியை அவர் வாயில் திணிப்பது எனக்குப் பிடிக்காது. அனுப்பும்போது அவராகவே கீழே "நம் பையன்தான், நம்பலாம்" என்று சேர்த்திருக்கிறார். அந்த ஒரு வரிக்கு இருந்த மதிப்பு என் வரிகளுக்கு இல்லை.

யாருக்கு அனுப்பலாம் என்றும் நான்கு பெயர் சொல்லியிருந்தேன். அவர் உற்சாகத்தில் வியாபாரிகள் குழுவிலும் போட்டுவிட்டார். கடன் வாங்கித் தருவீர்களா, வருமான வரி பார்ப்பீர்களா என்று விசாரணைகள் வந்து குவிந்தன. "வருமான வரி, கடன் வேலை பார்ப்பதில்லை" என்று ஒரு வரி சேர்த்த பிறகே அது ஓய்ந்தது.

அனுப்பும் நாளையும் பார்க்கவேண்டும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான GSTR-2B 14ஆம் தேதி வரும். 20க்குள் வரியைக் கட்டி GSTR-3B ரிட்டர்ன் போட்டாகவேண்டும். அந்த நெருக்கடியில் புது ஆளை யாரும் உட்காரவைத்துப் பேச மாட்டார்கள். 21, 22 தேதிகளில் அனுப்பச் சொன்னேன். கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட், சப்ளையர் பில் ஏற்றாததால் விட்டுப்போய், கையிலிருந்து கட்டிய வலி அப்போது ஆறியிருக்காது. அப்படித்தான் ஒரு வற்றல் மண்டிக்காரர், எண்ணை வாங்கி அவரே அழைத்து, போன மாதப் பில் கட்டோடு வரச் சொன்னார்.