பாதி நிறைவில் கோடு போடும் முன்

சேலத்தில் முதுகலை உயிர்வேதியியல் படித்தபோது, செமினாருக்கு எனக்கு வந்த தலைப்பு மயோகுளோபின், ஹீமோகுளோபின் நிறைவு வளைகோடுகள். தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் புரதமான மயோகுளோபினில் ஆரம்பித்தேன். அதில் ஆக்சிஜன் உட்கார ஒரே ஒரு இடம்தான். பாதி மூலக்கூறுகள் நிறைந்திருக்கும்போது உள்ள ஆக்சிஜன் அழுத்தமே பிரிகை மாறிலி. அது சுமார் 2.8 மி.மீ. பாதரசம்.

படிப்பது சுலபம், ஆனால் எதில் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அழுத்தம் 8 வரை மட்டும் அளந்தால் நிறைவு 74 சதவீதத்தில் நிற்கும். கோடு வளைந்து படுப்பதுபோல் தெரிவதால் அதையே உச்சம் என்று எடுத்துவிடத் தோன்றும். அப்படி எடுத்தால் பாதி 37 சதவீதம், மாறிலி 1.6 என்று வரும். மாறிலி குறைந்தால் பிணைப்பு வலுவானது என்று பொருள் என்பதால், பிணைப்பு உண்மையைவிட வலுவாகத் தெரியும். 90 சதவீதத்தைத் தொடவே மாறிலியைப் போல 9 மடங்கு அழுத்தம் வேண்டும். அதனால் 25-ஐத் தாண்டியும் அளந்துவிட்டுத்தான் உச்சத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஒத்திகை பார்த்தபோது ஜூனியர் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, ஹீமோகுளோபினுக்கும் பாதியில் 26 வருதே, அதுவும் பிரிகை மாறிலிதானே?”

நல்ல கேள்வி. இல்லை என்று சொல்லிவிட்டு, போர்டில் இதை எழுதினேன்:

```
Y = p^n / (p^n + P50^n)
```

இதில் Y நிறைவு, p ஆக்சிஜன் அழுத்தம், P50 பாதி நிறைவில் உள்ள அழுத்தம், n இடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்பதைக் காட்டும் எண். n = 1 என்று வைத்தால் மயோகுளோபின் மாதிரி சாதாரண வளைகோடு. P50 26 ஆக இருந்தால், நுரையீரலில் 100 மி.மீ.-இல் 79 சதவீதம் ஏறும். உழைக்கும் தசையில் 20-இல் 43 சதவீதம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இறங்குவது 36 மட்டும். ஹீமோகுளோபினுக்கு n சுமார் 2.8. அதே 26-ஐ வைத்தே 98 ஏறி, தசையில் 32-க்கு வந்துவிடுகிறது. 66 சதவீதம் இறங்கிவிட்டது! அவள் கால்குலேட்டரில் தானே போட்டுப் பார்த்தாள்.

காரணம், ஹீமோகுளோபினில் நான்கு இடங்கள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. முதல் ஆக்சிஜன் சேர்ந்ததும் ஹீமின் இரும்பு வளையத் தளத்துக்குள் நகர்கிறது. அதோடு பிணைந்த ஹிஸ்டிடின் இழுபட்டு, துணையலகுகளுக்கு இடையிலான பிடி தளர்கிறது. இறுக்கமான வடிவம் தளர்ந்த வடிவமாக மாறுவதால் அடுத்த ஆக்சிஜன் எளிதாகச் சேர்கிறது. அதாவது பிணைப்பு வலிமையே வழியில் மாறுகிறது. 26 என்பது இந்த மாற்றத்தின் நடுப்புள்ளி, எந்த ஒரு இடத்தின் மாறிலியும் அல்ல. நான்கும் ஒரே நொடியில் நிறைந்தால்தான் n 4 ஆகும். இடைநிலைகள் இருப்பதால் அது எட்டுவதில்லை.

அப்புறம் ஏற்காட்டை உதாரணமாகச் சேர்த்தேன். 1,500 மீட்டர் உயரத்தில் நுரையீரலின் ஆக்சிஜன் அழுத்தம் 75–80 மி.மீ. அளவுக்கு இறங்கும். சமன்பாட்டில் 77 போட்டால் நிறைவு 95 சதவீதம். அழுத்தம் கால்வாசி குறைந்தும் நிறைவு மூன்று சதவீதமே குறைகிறது, ஏனென்றால் நாம் இருப்பது வளைகோட்டின் தட்டையான மேல் பகுதியில். விரல் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் வைத்து அழுத்தத்தைச் சொல்ல முடியாததும் இதனால்தான்.