வகுப்பு முடிந்த இரவு அனுப்பும் செய்தி: குரூப் 4 வகுப்புகளில் கற்றுக்கொண்டது

2022 ஜூலையில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தேறி வேலைக்கு வந்தேன். அதன் பிறகு நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிறு, தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஆன்லைனில் இலவச வகுப்பு எடுக்கிறோம். வகுப்பு எடுப்பது சீக்கிரமே பழகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் நன்றி சொல்லி, ஸ்லைடும் ரெக்கார்டிங்கும் கொடுத்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அந்தச் சின்னச் செய்தியை ஒழுங்காக எழுதத்தான் எங்களுக்கு ஐந்தாறு மாதம் பிடித்தது. உங்களில் பலர் படிப்பு வட்டம், மாதிரித் தேர்வு, நூலகக் கூட்டம் என்று நடத்துகிறீர்கள். நாங்கள் பட்டதைச் சொன்னால் உங்களுக்கு அந்த ஐந்தாறு மாதம் மிச்சமாகும்.

முதல் மாதம் அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. “கலந்துகொண்டு சிறப்பித்த அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்” என்று தொடங்கி, வகுப்பு ஏன் நடத்தினோம், யார் யார் உதவினார்கள் என்று இரண்டு பத்தி போகும். ஸ்லைடு லிங்க் மூன்றாவது பத்தியில் இருந்தது. வாட்ஸ்அப் நீளமான செய்தியைப் பாதியில் மடித்து, தொட்டால்தான் மீதியைக் காட்டும். எங்கள் லிங்க் அந்த மடிப்புக்குக் கீழே போய்விட்டது. மறுநாள் காலை வந்த பதில்களில் பாதி, “அக்கா, ஸ்லைடு எப்ப அனுப்புவீங்க?”

லிங்கைக் கண்டுபிடித்தவர்களுக்கும் அது திறக்கவில்லை. கூகுள் டிரைவில் ஒரு கோப்பை ஏற்றினால் அது முதலில் `Restricted` நிலையில்தான் இருக்கும். லிங்க் கையில் இருந்தாலும் நாம் அனுமதித்தவர்களைத் தவிர யாராலும் பார்க்க முடியாது. அன்று இரவு பதினொரு மணிக்குள் அனுமதி கேட்டு எனக்கு 37 மெயில் வந்தன. பதற்றத்தில் அனுமதியை மாற்றியபோது `Viewer` என்பதற்குப் பதில் `Editor` என்று கொடுத்துவிட்டேன். விடிவதற்குள் யாரோ கை தவறி இரண்டு ஸ்லைடை அழித்திருந்தார்கள். அதிலிருந்து ஸ்லைடை PDF ஆக்கித்தான் ஏற்றுகிறோம். `Anyone with the link`, `Viewer` என்ற இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, என் போனில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து அந்த லிங்கை ஒட்டிப் பார்ப்பேன். நம் கணக்கில் திறந்து பார்ப்பது சோதனையே ஆகாது, உரிமையாளருக்கு எப்போதும் திறக்கும். இன்காக்னிட்டோவில் லாகின் கேட்காமல் முதல் பக்கம் வந்தால் சரி, அனுப்பலாம்.

அடுத்து ரெக்கார்டிங். ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். அதனால் வகுப்பை இரண்டு பாதியாக வைக்கிறோம், ரெக்கார்டிங்கும் இரண்டு கோப்பாக வரும். கூட்டத்தை முடித்த பிறகுதான் ஜூம் அதை வீடியோவாக மாற்றத் தொடங்கும், அதற்குள் மடிக்கணினியை மூடிவிடக்கூடாது. அதன் பிறகு யூடியூபில் `Unlisted` என்று ஏற்றுவோம். தேடினால் கிடைக்காது, லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்ற, போன் எண் கொடுத்துக் கணக்கை முன்பே உறுதி செய்திருக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு ஞாயிறு இரவு முழுக்க முட்டிக்கொண்டிருந்தோம்.

இத்தனைக்கும் நேரம் ஆகும் என்பதால் முதலில், ரெக்கார்டிங் தயாரான பிறகு எல்லாவற்றையும் ஒரே செய்தியாக அனுப்பலாம் என்று காத்திருந்தோம். அது தப்பு. செவ்வாய்க்கிழமை அனுப்பிய செய்திக்கு யாரும் அசையவில்லை. ஞாயிறு கேட்டது ஞாயிறு இரவு வரைதான் சூடாக இருக்கும். இப்போது அன்று இரவு எட்டு மணிக்குள் நன்றி, ஸ்லைடு, அடுத்த வேலை மூன்றும் போய்விடும். “ரெக்கார்டிங் நாளை இரவு 7 மணிக்கு வரும்” என்று ஒரு வரி அதில் இருக்கும். மறுநாள் இரண்டு வரியில் ரெக்கார்டிங் மட்டும் போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரைதான் திருத்தலாம் என்பதால், பழைய செய்தியிலேயே பிறகு லிங்கைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

ரெக்கார்டிங்கை முழுதாக யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை. தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவில் படிக்கிறவர்கள் அவர்கள். அதனால் எந்த நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று மூன்று நான்கு வரி எழுதிவிடுகிறோம். யூடியூபின் விளக்கப் பகுதியில் முதல் வரி `0:00` என்று தொடங்கி, குறைந்தது மூன்று நேரக்குறிப்பு இருந்தால், வீடியோ தானாகவே அந்தந்தப் பகுதியாகப் பிரிந்துவிடும். ஜூம், வீடியோவோடு ஒலியை மட்டும் தனியாக `.m4a` கோப்பாகவும் சேமிக்கும். அதையும் அனுப்புகிறோம். பஸ்ஸில் போகும்போது கேட்கிறேன் என்று சொன்னவர்கள் நிறைய.

ஒரு எச்சரிக்கை. சந்தேகம் கேட்கும் நேரத்தில் ஒரு பெண் தன் பெயரைச் சொல்லி, போன முறை வாங்கிய மதிப்பெண்ணையும் சொன்னார். பிறகு தனியாக அழைத்து, “அக்கா, அதை மட்டும் எடுத்துடுங்க, வீட்டுல யாருக்கும் தெரியாது” என்றார். அன்றிலிருந்து சந்தேக நேரம் தொடங்கும்போது ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுகிறோம். கேள்விகளும் பதில்களும் வீணாகக்கூடாது என்பதால் பெயர் இல்லாமல் ஸ்லைடின் கடைசிப் பக்கத்தில் எழுதிச் சேர்க்கிறோம்.

செய்தியை எந்த வழியில் அனுப்புகிறோம் என்பதிலும் இதே கவனம் வேண்டும். தொடக்கத்தில் வந்தவர்கள் எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். குரூப்பில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியும். இரண்டே நாளில் ஒரு தங்கைக்கு முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து தொல்லை கொடுத்தார். குரூப்பைக் கலைத்துவிட்டு பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு மாறினோம். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் வகுப்பு முடியும் முன் எண்ணைத் திரையில் காட்டி, அங்கேயே சேமிக்கச் சொல்கிறோம். மெயிலில் அனுப்புவதானால் முகவரிகள் `To` பெட்டியில் வேண்டாம், `Bcc` பெட்டியில் போடுங்கள்.

போன முறை நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். பதிவு செய்தவர்கள் 86 பேர், வந்தவர்கள் 61 பேர். தலைப்பு, குரூப் 4 தமிழ்ப் பகுதியில் நேரத்தை எப்படிப் பங்கிடுவது. மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் தமிழ் 100 கேள்வி, 150 மதிப்பெண். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி 100 கேள்வியின் விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். 150-ல் 40 சதவீதம் என்றால் 60 மதிப்பெண், அதாவது 40 கேள்வி சரியாக இருக்க வேண்டும். நான் அவசரத்தில் ஸ்லைடில் “குறைந்தபட்சம் 40 மதிப்பெண்” என்று எழுதியிருந்தேன். வகுப்பு முடிந்து PDF-ஐப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. இதை நம்பி ஒருவர் 40 மதிப்பெண்ணைக் குறிவைத்தால் அவர் நிலைமை என்ன ஆகும்! ஸ்லைடைத் திருத்தினேன், அதோடு செய்தியிலும் வெளிப்படையாகச் சொன்னேன். அன்று போன செய்தி இதுதான்:

“வணக்கம். இன்று காலை நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி. இலக்கணக் கேள்விகளை முதலில் முடிப்பதா கடைசியில் முடிப்பதா என்று நீங்கள் விவாதித்தது எங்களுக்கும் புதுப் பாடம்.
ஸ்லைடு (PDF): [லிங்க்]
திருத்தம்: 7-ஆம் பக்கத்தில் தமிழுக்குக் குறைந்தபட்சம் 40 மதிப்பெண் என்று காட்டியது தவறு, 60 மதிப்பெண் என்பதே சரி. மேலே உள்ள கோப்பில் மாற்றிவிட்டோம்.
ரெக்கார்டிங் நாளை இரவு 7 மணிக்கு.
அடுத்த வேலை: 2024 ஜூன் 9 தேர்வின் தமிழ்ப் பகுதி 100 கேள்விகளை 75 நிமிடத்தில் எழுதி, மதிப்பெண்ணை வெள்ளி இரவுக்குள் இந்தப் படிவத்தில் போடுங்கள்: [லிங்க்]. பெயர் வேண்டாம்.
சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்கே எழுதுங்கள்.”

வராத 25 பேருக்கு இதே செய்தியை அனுப்பவில்லை. வராதவரிடம் “வந்ததற்கு நன்றி” என்றால் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும். அவர்களுக்கு முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மாற்றி, “இன்று வர முடியாமல் போயிருக்கலாம், வகுப்பில் பேசியது எல்லாம் இதோ” என்று எழுதினோம். இதற்காகவே வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் வருகைப் படிவம் ஒன்று போடுகிறோம்.

அடுத்த வேலை ஒன்றே ஒன்று என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முன்பு வினாத்தாள் எழுதுங்கள், பள்ளிப் புத்தகத்தில் மூன்று இயல் படியுங்கள், கருத்துப் படிவம் நிரப்புங்கள் என்று மூன்றைக் கொடுத்தோம். பெரும்பாலானவர்கள் எளிதான கருத்துப் படிவத்தை மட்டும் நிரப்பிவிட்டு நின்றுகொண்டார்கள். இந்த முறை ஒரே வேலை, ஒரே கெடு. வியாழன் இரவு “நாளையோடு முடிகிறது” என்று ஒரு வரி நினைவூட்டினோம். வெள்ளி இரவு 34 பேர் மதிப்பெண் போட்டிருந்தார்கள். அதில் ஒன்பது பேர் 75 நிமிடத்தில் 100 கேள்வியையும் முடிக்கவில்லை. அடுத்த வகுப்பின் தலைப்பை அந்த ஒன்பது பேரிடமிருந்தே எடுத்தோம்.

இன்னொரு விஷயம். அனுப்பிய பிறகு ஸ்லைடில் மறுபடி பிழை கண்டால் புதுக் கோப்பாக ஏற்றாதீர்கள், லிங்க் மாறிவிடும், பழைய லிங்க் பல போன்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். டிரைவில் அந்தக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து `Manage versions` வழியாகத் திருத்திய PDF-ஐ ஏற்றினால் அதே லிங்க்கில் புதியது திறக்கும். யூடியூபில் இந்த வசதி இல்லை, ஏற்றிய வீடியோவுக்குப் பதில் வேறொன்றை அதே லிங்க்கில் வைக்க முடியாது. ஆகவே வீடியோவை ஏற்றுவதற்கு முன் ஒரு முறை முழுதாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.