நிலை ஒதுக்கீட்டு விடைகளில் கண்ட தவறுகளை வகுப்புக்கு எழுதிக் கொடுத்த அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதுநிலை படிக்கும்போது, இரண்டாம் ஆண்டு டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பாடத்துக்கு டீச்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். சுற்றின் ஒவ்வொரு நிலைக்கும் 0, 1 கொண்ட ஒரு குறியீடு கொடுக்கும் நிலை ஒதுக்கீடு, அதாவது ஸ்டேட் அசைன்மென்ட் பற்றிய ஒப்படைப்புக்கு வந்த விடைகளைத் திருத்தியபோது, ஒரே தவறு தாளுக்குத் தாள் திரும்ப வருவதைப் பார்த்த பேராசிரியர், "ஒவ்வொரு தாளிலும் தனித்தனியா எழுதாதீங்க, வகுப்புக்கே பொதுவா ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்க" என்றார். காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் வகுப்பில் பலர் இருந்ததால், குறிப்பைத் தமிழிலேயே எழுதினேன். அதே கணக்கைச் செய்யப்போகும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

கணக்கு இதுதான். x என்ற உள்ளீட்டில் தொடர்ச்சியாக வரும் பிட்களில் 1011 என்ற வரிசை முடியும் ஒவ்வொரு முறையும் வெளியீடு z = 1 ஆக வேண்டும்; ஒரு வரிசையின் கடைசி பிட் அடுத்த வரிசையின் தொடக்கமாகவும் இருக்கலாம். வெளியீடு நிலையை மட்டுமே பொறுத்திருக்கும் மூர் வகைச் சுற்றாக அமைத்தால் ஐந்து நிலைகள் வரும்.

```
நிலை   x=0   x=1   z
S0     S0    S1    0
S1     S2    S1    0
S2     S0    S3    0
S3     S2    S4    0
S4     S2    S1    1
```

ஒரு ஃபிளிப் ஃப்ளாப் ஒரு பிட்டை நினைவில் வைக்கும் என்பதால் ஐந்து நிலைகளுக்கு மூன்று D ஃபிளிப் ஃப்ளாப் தேவை. அவற்றின் இப்போதைய மதிப்புகள் Q2, Q1, Q0; அடுத்த கிளாக்கில் ஏற்கும் மதிப்புகள் D2, D1, D0. எட்டுக் குறியீடுகளில் மூன்று மிஞ்சும். அட்டவணை வரைவதில் தவறியவர்கள் குறைவு. S1-க்கும் S4-க்கும் அடுத்த நிலைகள் ஒன்றாக இருப்பதைப் பார்த்து இரண்டையும் இணைத்துவிட்டவர்கள் மட்டும் சிலர் இருந்தார்கள். வெளியீடு வேறாக இருப்பதால் மூர் சுற்றில் அவற்றை இணைக்க முடியாது.

பெரும்பாலோர் 000 முதல் 100 வரை வரிசையாகக் குறியீடு கொடுத்திருந்தார்கள். அதில் தவறில்லை, தவறு அடுத்த படியில், சமன்பாட்டைச் சுருக்க உதவும் கட்ட வரைபடமான கே-மேப்பில் நிரப்பும்போது நேர்ந்தது. அட்டவணை 00, 01, 10, 11 என்ற வரிசையில் இறங்குகிறது. கே-மேப்போ 00, 01, 11, 10 என்று போகிறது. அட்டவணையை மேலிருந்து கீழாக அப்படியே படியெடுத்தவர்களுக்குக் கடைசி இரண்டு கட்டங்களும் கடைசி இரண்டு வரிசைகளும் இடம் மாறிவிட்டன. அதனால் D0-க்குச் சரியான விடை ஒன்றாகவும், பல தாள்களில் கண்ட விடை வேறொன்றாகவும் இருந்தன. இவற்றில் ' என்ற குறி தலைகீழ் மதிப்பைக் குறிக்கிறது.

```
சரி :  D0 = xQ1' + xQ0'
தவறு:  D0 = xQ0' + x'Q1'Q0
```

இந்தத் தவறைக் கண்டுபிடிக்கக் கே-மேப்பைத் திரும்ப வரைய வேண்டியதில்லை என்பதைக் குறிப்பில் அழுத்தி எழுதினேன். x = 0 என்ற நெடுவரிசையில் அடுத்த நிலைகள் S0, S2 இரண்டு மட்டுமே; அவற்றின் குறியீடுகள் 000, 010. இரண்டுமே 0-வில் முடிகின்றன. ஆகவே x = 0 ஆக இருக்கும்போது D0 எந்த நிலையிலும் 1 ஆக வழியில்லை; D0-வில் x' உள்ள உறுப்பு ஒன்று தலைகாட்டினாலே நிரப்பியதில் பிழை என்று தெரிந்துகொள்ளலாம். சமன்பாடு எழுதி முடித்ததும் ஏதாவது ஒரு நிலையை அதில் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால், S1-இல் x = 1 என்ற ஒரே சோதனை போதும்: தவறான சமன்பாடு 0 தருகிறது, ஆனால் S1-இலேயே நிற்க D0 = 1 வேண்டும்.

இரண்டாவது தவறு படித்ததைத் தவறான இடத்தில் பொருத்துவதால் வந்தது. ஆகையால் அதற்கே குறிப்பில் அதிக இடம் கொடுத்தேன். S0, S1, S2, S3, S4 என்ற பாதையில் ஒவ்வோர் அடியிலும் ஒரு பிட் மட்டுமே மாறும்படி 000, 001, 011, 010, 110 என்று கிரே குறியீடு கொடுத்து, "இதனால் சுற்று சிறியதாகும்" என்று எழுதியிருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு பிட் மாற வேண்டும் என்ற தேவை கிளாக் இல்லாத சுற்றுகளில் பிட்கள் ஒன்றையொன்று முந்தி மாறித் தவறான நிலைக்குப் போகும் ரேஸ் வராமல் தடுப்பதற்கானது. கிளாக் உள்ள சுற்றில் எல்லா ஃபிளிப் ஃப்ளாப்களும் கிளாக் விளிம்பில் சேர்ந்தே மாறுவதால் அந்தத் தேவையே எழுவதில்லை.

சுற்று சிறியதாக உதவும் விதி வேறு: ஒரே உள்ளீட்டுக்கு ஒரே அடுத்த நிலைக்குப் போகும் நிலைகள் ஒரே ஒரு பிட்டில் வேறுபடும் அண்டைக் குறியீடுகளைப் பெற வேண்டும். நம் அட்டவணையில் x = 0 என்றால் S1, S3, S4 மூன்றும் S2-க்குப் போகின்றன, S0, S2 இரண்டும் S0-க்குப் போகின்றன; x = 1 என்றால் S0, S1, S4 மூன்றும் S1-க்குப் போகின்றன. இவற்றை ஒட்டி S0 = 000, S1 = 001, S2 = 100, S3 = 101, S4 = 011 என்று வைத்தேன். S3-உம் S4-உம் நேரடி அண்டைகள் அல்ல; ஆனால் S1-உடன் சேர்ந்து Q0 = 1 என்ற ஒரே தொகுதிக்குள் வந்துவிடுகின்றன. கிடைத்த சமன்பாடுகள்:

```
D2 = x'Q0 + xQ2Q0'
D1 = xQ2Q0
D0 = x
z  = Q1
```

D சமன்பாடுகளில் வரும் மாறிகளை, திரும்ப வருவதையும் சேர்த்து எண்ணினால் இங்கே 9. வரிசைக் குறியீட்டில் 14. கிரே குறியீட்டிலோ 21. ஒரு மாணவி தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "மேடம், கிரே போட்டா குறையும்னுதானே நினைச்சேன், எனக்குத்தான் அதிகமா வந்திருக்கு" என்றாள். அவளுடைய சமன்பாடுகளில் பிழை எதுவும் இல்லை, தேர்ந்தெடுத்த காரணம்தான் பொருந்தவில்லை என்று விளக்கி, முழு மதிப்பெண்ணில் அந்தக் காரணத்துக்கு உரியதை மட்டுமே குறைத்தேன். 9 என்பதுதான் மிகக் குறைந்தது என்று நான் குறிப்பில் எழுதவில்லை. ஐந்து நிலைகளுக்கு மூன்று பிட்டில், பிட்களை இடம் மாற்றுவதாலும் தலைகீழாக்குவதாலும் வருபவற்றைக் கழித்த பிறகும், 140 வெவ்வேறு ஒதுக்கீடுகள் உண்டு. விதி நல்ல இடத்துக்கு வழிகாட்டுமே தவிர உறுதி தராது.

இந்த விடையில் இன்னொன்றையும் கவனிக்கச் சொன்னேன். மூன்று D சமன்பாடுகளிலும் Q1 வரவே இல்லை. S1, S4 இரண்டும் Q1-இல் மட்டும் வேறுபடும்படி அமைந்து, அவற்றின் அடுத்த நிலைகளும் ஒன்றாகவே இருப்பதும், மற்ற நிலைகளின் Q1 இணைகள் பயன்படாத குறியீடுகளாக இருப்பதும் அதற்குக் காரணம். S1, S4 இரண்டையும் இணைக்க முயன்ற மாணவர்கள் கண்ட ஒற்றுமை இங்கேதான் பயன்படுகிறது.

கடைசித் தவறு மிஞ்சிய குறியீடுகளைப் பற்றியது. கே-மேப்பில் அவற்றின் கட்டங்களில் 0, 1 எதையும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அவற்றை டோன்ட் கேர் என்போம். "டோன்ட் கேர், ஆகவே அவை வரவே வராது" என்று எழுதி முடித்திருந்தார்கள். மின்சாரம் கொடுத்த கணத்தில் ஃபிளிப் ஃப்ளாப்கள் எந்த மதிப்பில் எழும் என்பதற்கு உறுதி இல்லை. மேலும், கே-மேப்பில் சுற்றி வளைத்த மாத்திரத்தில் டோன்ட் கேர் ஒவ்வொன்றும் 0 அல்லது 1 ஆகத் தீர்மானமாகிவிடுகிறது. அதனால் மிஞ்சிய குறியீடுகளைச் சமன்பாட்டில் போட்டு, அடுத்து எங்கே போகின்றன என்று எழுதுவதை விடையின் ஒரு பகுதியாகவே கேட்டேன். என் ஒதுக்கீட்டில் மிஞ்சும் 010, 110, 111 மூன்றுக்கும் அது இப்படி வரும்:

```
        x=0   x=1
010     000   001
110     000   101
111     100   011
```

ஆறு இடங்களிலும் ஒரே கிளாக்கில் சுற்று பயன்படும் நிலைக்குத் திரும்பிவிடுகிறது, மாட்டிக்கொள்ளவில்லை. ஆனால் z = Q1 என்பதால் இந்த மூன்று குறியீடுகளிலும் z = 1 ஆகிவிடும், அதாவது 1011 வராமலே வந்ததாகச் சுற்று சொல்லும். ரீசெட் கொடுத்து 000-இல் தொடங்கினால் மின்சாரம் கொடுக்கும் நேரத்துப் பொய் வெளியீடு எழாது. ரீசெட் இல்லாத சுற்றென்றால் இந்த மூன்று குறியீடுகளிலாவது z = 1 ஆகாதபடி z = Q2'Q1Q0 என்று முழுதாக எழுத வேண்டும்; கூடுதலாக ஒரு கேட் செலவாகும். இரண்டில் எதைச் செய்தாலும் ஏற்றுக்கொள்வேன், எதைச் செய்தோம் என்று ஒரு வரி விடையில் இருக்க வேண்டும் என்று குறிப்பை முடித்தேன். பேராசிரியர் அந்த ஆறு இட அட்டவணையை அடுத்த ஒப்படைப்பின் கேள்வியிலேயே தனிப் பிரிவாகச் சேர்த்துவிட்டார்.