கனடா பி.ஆருக்கு பி.சி.சி.யும் மெடிக்கலும்: எங்கள் அனுபவம்

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற, அதாவது பி.ஆர். வாங்க, உள்ள எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் அழைப்பு வந்தால் விண்ணப்பத்தை முடித்து அனுப்ப 60 நாள் தருகிறார்கள். அந்த 60 நாளில் எல்லாவற்றையும் தேடி ஓட முடியாது என்று நண்பர்கள் சொல்லியிருந்ததால், அழைப்புக்குக் காத்திருப்போர் பட்டியலான பூலில் சேர்ந்த மாதமே ஒரு தாளில் எழுதி வைத்தேன்: எது காலாவதி ஆகும், எது ஆகாது.

கடந்த 10 வருடத்தில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து 6 மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்றிதழ் வேண்டும். இப்போது குடியிருக்கும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பிக்கும் நாளில் 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. விட்டு வந்த நாட்டுக்கு அந்தக் கெடு இல்லை. கடைசியாக அங்கே வசித்ததற்குப் பிறகு வாங்கியதாக இருந்தால் போதும். நானும் மனைவியும் அமெரிக்காவில் மூன்று வருடம் இருந்தவர்கள். ஆக, அமெரிக்கச் சான்றிதழை இப்போதே வாங்கலாம், இந்தியாவின் போலீஸ் சான்றிதழான பி.சி.சி.யைத்தான் கடைசியில் எடுக்க வேண்டும். முதலில் நான் தலைகீழாக நினைத்திருந்தேன்.

அமெரிக்காவுக்கு எஃப்.பி.ஐ. சான்றிதழ்தான் ஏற்கிறார்கள். கட்டணம் ஆளுக்கு 18 டாலர். ஆன்லைனில் பதிந்துவிட்டு, FD-258 என்ற படிவத்தில் பத்து விரல் ரேகையையும் மையில் உருட்டி எடுத்து, வெஸ்ட் வர்ஜீனியாவுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரலை உருட்ட வேண்டும். மை கொஞ்சம் கூடினால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். சென்னையில் ரேகை எடுத்துக் கொடுத்தவர் என்னுடையதை ஒரே தடவையில் முடித்துவிட்டார். மனைவியின் ரேகை தெளிவில்லை என்று திரும்பி வந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேலையைக் காட்டியிருந்தது. ஒரு வாரம் தினமும் இரவு தேங்காய் எண்ணெய் தடவி, ரேகை எடுக்கும் முன் கையை நன்றாகக் கழுவித் துடைத்து, இந்த முறை மூன்று அட்டை எடுத்து மூன்றையும் ஒன்றாக அனுப்பினோம். அப்போதுதான் தேறியது. இந்தக் கூத்து அழைப்பு வந்த பிறகு நடந்திருந்தால் 60 நாளில் பாதி போயிருக்கும்.

அழைப்பு வந்த அன்றே பாஸ்போர்ட் சேவா தளத்தில் இருவருக்கும் பி.சி.சி. போட்டேன். ஆளுக்கு 500 ரூபாய். எந்த நாட்டுக்கு என்று கேட்கும் இடத்தில் கவனம் தேவை, சான்றிதழில் அந்த நாட்டின் பெயர்தான் வரும். மனைவியின் பாஸ்போர்ட் போன வருடம் வேளச்சேரி முகவரியில் புதுப்பித்தது, அவளுடையது சீக்கிரம் வந்துவிட்டது. என்னுடையதில் இன்னும் திருநெல்வேலி வீட்டு முகவரி. நேர்காணலுக்கு வாடகை ஒப்பந்தமும் ஆதாரும் கொண்டுபோனேன், விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் போலீஸ் சரிபார்ப்பு முடிய மூன்று வாரம் ஆனது. பூலில் காத்திருந்த மாதங்களில் பாஸ்போர்ட்டில் முகவரியை மாற்றியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

மெடிக்கலில்தான் எதிர்பாராத சிக்கல். 2025 ஆகஸ்ட் 21 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு விண்ணப்பிக்கும் முன்பே மெடிக்கலை முடித்திருக்க வேண்டும். கனடா அங்கீகரித்த பேனல் டாக்டரிடம்தான் போக வேண்டும், குடும்ப டாக்டர் எழுதிக் கொடுப்பது செல்லாது. மெடிக்கல் எடுக்கச் சொல்லி கனடா அனுப்பும் கடிதம் இல்லாமலே 'அப்ஃப்ரன்ட் மெடிக்கல்' என்று சொல்லி நேரம் வாங்கினோம். சிறுநீர், இரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "டி.பி. வந்திருக்கா?" என்றார்.

வந்திருக்கிறது, பத்தொன்பது வயதில். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, மறந்தே போனேன். வலது நுரையீரலின் மேல்பகுதியில் இருந்த தழும்பு மட்டும் மறக்கவில்லை. பழைய எக்ஸ்ரேயும் சிகிச்சைச் சீட்டும் இருக்கிறதா என்று கேட்டார். பழைய படத்தோடு ஒப்பிட்டால் தழும்பு மாறாமல் இருப்பது தெரியும். என்னிடம் ஒன்றுமில்லை. மூன்று நாள் தொடர்ந்து காலையில் வெறும் வயிற்றில் சளி கொடுத்தேன். சளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் முடிவு சில நாளில் வந்துவிட்டது. கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு எட்டு வாரம் வரை ஆகுமாம். கிருமி வளர அதற்கென்று நேரம் எடுக்கும், யாராலும் அவசரப்படுத்த முடியாது.

நல்லவேளை, பரிசோதனைக்குப் போன அன்று தரும் இ-மெடிக்கல் தாளை இணைத்தாலே விண்ணப்பம் போடலாம். ஐம்பத்திரண்டாவது நாள் போட்டேன். கல்ச்சர் நெகட்டிவ் என்று அதற்கு அடுத்த வாரம் வந்தது. பழைய தழும்பு என்பதால், கனடா போய் 30 நாளுக்குள் அந்த மாகாணத்தின் பொதுச் சுகாதாரத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்காக மெடிக்கலையும் ரொம்ப முன்னால் எடுத்துவிடக் கூடாது. அது 12 மாதம்தான் செல்லும். பி.ஆர். விசாவின் கடைசி நாளையும் பெரும்பாலும் மெடிக்கல் அல்லது பாஸ்போர்ட் முடியும் நாளை, எது முந்தியோ அதை வைத்தே போடுகிறார்கள். எங்களுக்கு விசா கைக்கு வந்தபோது, மெடிக்கல் முடிய நாலு மாதம்தான் மிச்சம். அதற்குள் வீட்டைக் காலி செய்து, மகளுக்குப் பள்ளியில் டி.சி. வாங்கிக் கிளம்ப வேண்டும்.

போன வாரம் அம்மா திருநெல்வேலியிலிருந்து போன் செய்தார். பரணில் ஒரு பழைய மஞ்சள் கவரில் என் எக்ஸ்ரே கிடைத்ததாம்.